ஒரு வருடத்தில் போன் இழுபடத் தொடங்கினால்: ஸ்டோரேஜில் தொடங்கிப் பின்னணிச் செயலி வரை

"என்ட போன் வாங்கி ஒரு வருஷம் ஆகப் போகுது. 64 ஜீபி, 4 ஜீபி ரேம். முதல் நல்லா ஓடினது. இப்ப கேமராவ அமத்தினா ஆறேழு செக்கன் கறுப்பாக் கிடக்கு, வட்ஸ்அப்பத் திறந்தா அப்பிடியே நிக்குது. ஸ்டோரேஜ்ல 1.9 ஜீபிதான் மிச்சம் எண்டு காட்டுது. வட்ஸ்அப் மட்டும் 19 ஜீபி, டிக்டொக் 4 ஜீபி. கிளீனர் ஒண்டும் போட்டுப் பாத்தன், பிரயோசனம் இல்ல. டவுன்ல ஒரு கடைல கேட்டா சொப்ட்வெயார் அடிக்கோணும் எண்டு சொல்றாங்க. அடிக்கத்தான் வேணுமா? நான் களுவாஞ்சிக்குடி."

இப்போதைக்கு அடிக்க வேண்டாம். நீங்கள் எழுதிய எண்களிலேயே பாதி விடை இருக்கிறது: 64 ஜீபி போனில் 1.9 ஜீபி மிச்சம் என்றால் அது இழுபடத்தான் செய்யும். மற்றப் பாதி ரேமிலோ பின்னணியில் ஓடும் செயலிகளிலோ இருக்கலாம். ஆனால் அதை இன்றைக்கே பார்க்க முடியாது. ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கும் வரை மற்ற எந்தச் சோதனையும் சரியான விடை தராது. எல்லாச் செயலியும் ஒரேயளவு குற்றவாளி போலத் தெரியும். அதனால் முதலில் ஸ்டோரேஜ், அடுத்தது ரேம், பிறகு பின்னணிச் செயலிகள் என்ற ஒழுங்கை மாற்றாதீர்கள்.

எதையும் அழிப்பதற்கு முன் மூன்று விடயங்களை அளந்து எழுதி வையுங்கள். வீட்டில் இன்னொருவரின் போனில் ஸ்டொப்வொச்சைத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் போனை ரீஸ்டார்ட் செய்து, முழுவதும் எழும்பிய பிறகு ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு கேமராவை அமர்த்திப் படம் தெரியும் வரை எத்தனை செக்கன் என்று பாருங்கள். இது முதல் அளவு. அடுத்து வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப், குரோம், கெலரி என்று ஐந்தை வரிசையாகத் திறந்துவிட்டு மறுபடி வட்ஸ்அப்புக்கு வாருங்கள். விட்ட இடத்திலேயே நிற்கிறதா, அல்லது அதன் சின்னத்தைக் காட்டி முதலிலிருந்து தொடங்குகிறதா என்று எழுதுங்கள். மூன்றாவதாக `Settings` ஐத் திறந்து அந்தப் பட்டியலை மேலும் கீழும் வேகமாகத் தள்ளிப் பாருங்கள். அதைவிட இலேசான பக்கம் போனில் குறைவு. அதுவே விக்கி விக்கி ஓடினால் பிழை வட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ மட்டும் இல்லை, போன் முழுவதற்கும் பொதுவான ஒன்று அதை இழுக்கிறது என்று அர்த்தம்.

இந்த அளவுகள் கையில் இல்லாமல் துப்புரவு செய்தால், பிறகு "கொஞ்சம் பரவாயில்லைப் போல" என்ற உணர்வு மட்டும்தான் மிஞ்சும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

ஸ்டோரேஜ் நிரம்பினால் போன் ஏன் இழுபட வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். அலுமாரி நிறையச் சாமான் இருந்தால் அலுமாரி மெதுவாகத் திறக்குமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் போனுக்குள் இருக்கும் பிளாஷ் சிப் அலுமாரி போல வேலை செய்வதில்லை. பழைய சிலேட்டுகளை அடுக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் சிலேட்டில் உடனே எழுதலாம். எழுதிய சிலேட்டில் ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுத முடியாது; அழித்தால் முழுச் சிலேட்டையும்தான் அழிக்க வேண்டும். அதனால் சிப், அந்தச் சிலேட்டில் இன்னும் வேண்டிய வரிகளை முதலில் வேறொரு வெறும் சிலேட்டுக்குப் பிரதி எடுக்கும், பிறகு பழையதை அழிக்கும், அதன் பிறகுதான் புதியதை எழுதும். வெறும் சிலேட்டு தாராளமாக இருந்தால் இந்த வேலையெல்லாம் நீங்கள் தூங்கும்போது நடந்துவிடும். 1.9 ஜீபிதான் மிச்சம் என்றால் நீங்கள் கேமராவை அமர்த்தும் அந்த நொடியிலேயே நடக்கிறது. கறுப்புத் திரையாக நீங்கள் பார்ப்பதில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்புத்தான்.

வட்ஸ்அப் நிற்பதற்கும் இதே காரணம் பொருந்தும். ஒவ்வொரு செய்தி வரும்போதும் அது தன் டேட்டாபேஸில் எழுதி, "எழுதியாயிற்று" என்ற பதில் சிப்பிடமிருந்து வரும் வரை காத்திருக்கும். காலையில் டேட்டாவை ஒன் பண்ணியதும் முப்பது குரூப்பிலிருந்து இருநூறு செய்தி ஒன்றாக விழுந்தால் அத்தனை தடவை அந்த வரிசையில் நிற்க வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருப்பது இஎம்எம்சி வகைச் சிப். அது யூஎப்எஸ் வகையைப் போல ஒரே நேரத்தில் வாசிக்கவும் எழுதவும் தெரியாதது. அதனால் பின்னால் எழுத்து நடக்கும்போது முன்னால் நீங்கள் தொடுவதும் அதே வரிசையில்தான் நிற்கும்.

போன் தானாக எச்சரிக்கும் வரை காத்திருக்கவும் முடியாது. அண்ட்ரொயிட் "இடம் போதாது" என்று சொல்வது வழமையாக மிச்சம் 500 எம்பிக்குக் கிட்ட இறங்கிய பிறகுதான். இழுபாடு அதற்கு மிக முன்பே தொடங்கிவிடும். 64 ஜீபி போனில் எட்டு முதல் பத்து ஜீபி எப்போதும் வெறுமையாக இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் துப்புரவு செய்யும் நேரம் வந்துவிட்டது.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். 64 ஜீபியில் சிஸ்டத்துக்கே ஏறக்குறைய 15 முதல் 20 ஜீபி போயிருக்கும். அதில் கை வைக்க முடியாது. வட்ஸ்அப் 19, டிக்டொக் 4. மிச்சம் ஏறக்குறைய இருபது ஜீபிக்குள் உங்கள் படங்களும் மற்றச் செயலிகளும். 19 ஜீபி எப்படி வந்தது என்று பயப்படவும் தேவையில்லை. ஒரு நாளைக்கு பத்து எம்பி வீடியோ ஐந்தே ஐந்து தானாக இறங்கினாலும் 365 நாளில் 18 ஜீபி ஆகிவிடும். ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்த வீடியோ எத்தனை குரூப்பில் வந்தது என்று எண்ணிப் பார்த்தால் இந்த ஐந்து என்பது குறைந்த மதிப்பீடு என்று தெரியும்.

வட்ஸ்அப்புக்குள் `Settings`, அதில் `Storage and data`, அதில் `Manage storage` என்று போங்கள். மேலே `Larger than 5 MB` என்றும் `Forwarded many times` என்றும் இரண்டு பெட்டி இருக்கும். இரண்டாவதைத் திறந்து எல்லாவற்றையும் தெரிவு செய்து அழிக்கலாம். பலமுறை கைமாறி வந்த வீடியோவில் உங்கள் குடும்பப் படம் இருக்க வாய்ப்பில்லை. முதலாவதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவும் அங்கேதான் இருக்கும். அதற்குக் கீழே எந்தக் குரூப் எத்தனை ஜீபி பிடித்திருக்கிறது என்ற பட்டியல் வரும். பெரும்பாலும் மேலே உள்ள நான்கைந்து குரூப்பே பாதிக்கு மேல் பிடித்திருக்கும்.

அழிக்க மனமில்லாதவற்றை முதலில் கம்பியூட்டருக்கு மாற்றுங்கள். கேபிளைக் குத்தி, போனில் வரும் தெரிவில் `File transfer` ஐத் தொட்டால் இந்த இடத்தில் எல்லாம் இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

அதற்குப் பக்கத்திலேயே `Databases` என்ற போல்டரும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. வட்ஸ்அப் ஒவ்வொரு நாளும் உங்கள் உரையாடல்களுக்கு ஒரு பிரதி எடுத்து, கடைசி ஏழு நாள் பிரதிகளை அங்கே வைத்திருக்கும். நிறையக் குரூப்பில் இருப்பவருக்கு ஒரு பிரதியே சில நூறு எம்பி வரும். ஏழு சேர்ந்தால் ஒன்றிரண்டு ஜீபி. பெயரில் திகதி உள்ள பழைய பைல்களை அழிக்கலாம். திகதி இல்லாமல் `msgstore.db.crypt14` அல்லது `msgstore.db.crypt15` என்று இருப்பது புதிய பிரதி, அதைத் தொடாதீர்கள்.

இங்கே ஒரு பெரிய பிழை நடப்பதுண்டு. போனின் `Settings` இல் `Apps` க்குள் போய் வட்ஸ்அப்பைத் திறந்தால் `Clear cache`, `Clear storage` என்று இரண்டு பொத்தான் பக்கத்துப் பக்கமாக இருக்கும். சில போன்களில் இரண்டாவதின் பெயர் `Clear data`. முதலாவது பாதுகாப்பானது. இரண்டாவதை அமர்த்தினால் வட்ஸ்அப் புதிதாகப் போட்டது போல வெறுமையாகிவிடும். பக்கப் இல்லாவிட்டால் உரையாடல்கள் போனது போனதுதான். டிக்டொக்குக்கும் அதே எச்சரிக்கை, ஏனென்றால் போஸ்ட் பண்ணாமல் வைத்திருக்கும் டிராப்ட் வீடியோக்கள் போனுக்குள்தான் இருக்கின்றன. டிக்டொக்கின் சொந்த செட்டிங்கில் `Free up space` என்று இருக்கிறது. அதில் `Cache` ஐ மட்டும் அழித்தால் போதும். டெலிகிராம் பாவித்தால் அதன் `Data and Storage` க்குள் எத்தனை நாளுக்கு மீடியாவை வைத்திருப்பது என்று குறிக்கலாம். மூன்று நாள் போதும்.

அழித்த பிறகும் எண் கூடவில்லையே என்று நினைத்தால் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கெலரியில் அழித்தவை பெரும்பாலான போன்களில் 30 நாள் வரை `Trash` அல்லது `Bin` இல் கிடக்கும். கூகுள் போட்டோஸ், பக்கப் எடுத்த படங்களை 60 நாள் வைத்திருக்கும். அதையும் காலியாக்கினால்தான் இடம் வரும்.

உங்கள் கணக்கில் வட்ஸ்அப் 19 இலிருந்து ஏழுக்கு இறங்கினால் 12 ஜீபி. டிக்டொக்கில் மூன்று. பழைய பக்கப்பும் குப்பைத்தொட்டியுமாக ஒன்று. 1.9 ஆக இருந்த மிச்சம் 17க்கும் 18க்கும் இடையில் வந்து நிற்கும். கதவையும் அடைத்துவிடுங்கள்: வட்ஸ்அப்பின் `Storage and data` பக்கத்தில் `Media auto-download` என்ற பகுதியில் மொபைல் டேட்டா, வைபை, ரோமிங் மூன்றிலும் வீடியோவையும் டொக்கியுமன்டையும் எடுத்துவிட்டால், அவற்றில் நீங்கள் தொட்டது மட்டும் இறங்கும். டேட்டாவும் மிச்சம்.

இப்போது உடனே ஸ்டொப்வொச்சைத் தூக்காதீர்கள். பைலை அழித்ததும் இடம் வெறுமையாகிவிட்டது என்று போனுக்குத் தெரியும், ஆனால் சிப்புக்கு அந்தத் தகவல் தனியாகப் போக வேண்டும். அதற்கு டிரிம் என்று பெயர். அண்ட்ரொயிட் அதைப் பெரும்பாலும் போன் சார்ஜில் கிடந்து, திரை அணைந்து, நெடுநேரம் யாரும் தொடாமல் இருக்கும்போது செய்யும். ஆகவே அன்றிரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். இரவில் கரண்ட் போய்விட்டால் அடுத்த இரவையும் கொடுங்கள். காலையில் ரீஸ்டார்ட் செய்து மூன்று அளவையும் மறுபடி எடுங்கள். துப்புரவு செய்த அன்று மாலையே "ஒன்றும் மாறவில்லை" என்று ரீசெட்டுக்குப் போகிறவர்கள் இந்த ஒரு இரவைக் கொடுக்காதவர்கள்.

மெமரி கார்ட் போட்டிருந்தால் இன்னொரு சிறு சோதனையும் உண்டு. கேமரா படங்களைக் கார்டில் சேமிக்கும்படி வைத்திருந்து, கார்ட் மலிவானதாகவோ போலியாகவோ இருந்தால், கேமராவும் கெலரியும் கார்டுக்காகக் காத்து நிற்கும். கேமரா செட்டிங்கில் சேமிக்கும் இடத்தைப் போனுக்கு மாற்றி, `Storage` பக்கத்தில் கார்டை `Eject` செய்து வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள். கறுப்புத் திரை மறைந்தால் போனில் பிழை இல்லை, கார்டில்தான். கார்டைப் போனின் உள் ஸ்டோரேஜாகவே மாற்றி வைத்திருந்தால் மட்டும் இப்படி எடுக்காதீர்கள். அதிலுள்ள செயலிகள் வேலை செய்யாமல் போகும்.

மறுநாள் அளவில் கேமரா ஆறேழு செக்கனிலிருந்து இரண்டுக்கு வந்து, `Settings` பட்டியலும் வழுவழுவென்று ஓடினால் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது. இரண்டாவது அளவு மட்டும் மாறாமல் இருக்கலாம், அதாவது ஐந்து செயலி திறந்துவிட்டு வந்தால் வட்ஸ்அப் முதலிலிருந்து தொடங்குவது. ஹோம் பொத்தானை அமர்த்தினால் ஐகன்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருவதும் இதே வகை. இவை ரேம் போதாமையின் அடையாளங்கள். ஸ்டோரேஜ் இழுபாடு தொட்டதும் உறைந்து நிற்கும்; ரேம் இழுபாடு விட்டுவிட்டு வந்தால் மறந்துபோயிருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதிப் போன்களுக்கு வேறு சோதனையே தேவைப்படாது.

4 ஜீபி ரேமில் ஏறக்குறைய பாதியைச் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பேஸ்புக், டிக்டொக், குரோம் மூன்றையும் ஒன்றாக வைத்திருப்பது கஷ்டம். இடம் முட்டியதும் அண்ட்ரொயிட் நீங்கள் கடைசியாகப் பார்த்த செயலிகளை விட்டுவிட்டுப் பழையவற்றை மூடும். இது பிழை அல்ல, அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு வருடத்துக்கு முன் இதே போன் நன்றாக ஓடியதற்கு ஒரு காரணம், அன்றைய பேஸ்புக்கும் டிக்டொக்கும் இன்றையதைவிடச் சிறியவை.

இந்த இடத்தில் நீங்கள் போட்ட கிளீனரைக் கழற்றுங்கள். அது செய்வது ஒன்றுதான்: பின்னால் இருக்கும் செயலிகளைக் கொன்று, "1.2 ஜீபி விடுவிக்கப்பட்டது" என்று ஒரு எண்ணைக் காட்டும். இரண்டு நிமிடத்தில் வட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி வரும்; வட்ஸ்அப் மறுபடி முதலிலிருந்து எழும்பும். ரேமில் இருந்த செயலியைத் தட்டி எழுப்புவதைவிட, மூடிய செயலியை ஸ்டோரேஜிலிருந்து வாசித்துத் தொடக்குவதற்கு அதிக நேரமும் பற்றரியும் வேண்டும். அதோடு அந்தக் கிளீனர் விளம்பரம் காட்டுவதற்காகத் தானே எந்நேரமும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சமீபத்திய செயலிகளின் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடும் பழக்கமும் இதே கதைதான். உறைந்துபோன ஒரு செயலியை மூடலாம். எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடத் தேவையில்லை.

அடுத்தது "ரேம் கூட்டும்" வசதி. விற்கும்போது பெட்டியில் "4 ஜீபி + 4 ஜீபி" என்று எழுதியிருப்பார்களே, அது. `RAM Plus`, `Memory extension`, `Extended RAM` என்று கம்பனிக்கு ஒரு பெயர். அந்த இரண்டாவது 4 ஜீபி ரேமே அல்ல. ஸ்டோரேஜிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. மேலே சொன்ன அதே மெதுவான சிப்பைத்தான் ரேமுக்குப் பதிலாகப் பாவிக்கிறது. இஎம்எம்சி போனில், அதுவும் ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கையில், இது உதவியைவிட உபத்திரவம். அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, இரண்டு நாள் பாவித்துப் பாருங்கள். அந்த 4 ஜீபி ஸ்டோரேஜும் திரும்பக் கிடைக்கும். மறதி கூடிவிட்டால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தும் போன் எந்நேரமும் கனத்தே ஓடுகிறது, சும்மா சட்டைப் பையில் கிடக்கும்போதும் சூடாகிறது, இரவில் பற்றரி அநியாயத்துக்கு இறங்குகிறது என்றால் அது பின்னணிச் செயலியின் வேலை. இதற்கு ஒரு தெளிவான சோதனை இருக்கிறது, சேவ் மோட். பவர் பொத்தானை அமர்த்திப் பிடித்து, வரும் மெனுவில் `Power off` ஐ விடாமல் தொட்டுக்கொண்டிருந்தால் `Safe mode` என்று கேட்கும். சில கம்பனிப் போன்களில் இது வராது. போன் எழும்பும்போது வொலியூம் குறைக்கும் பொத்தானைப் பிடித்திருக்க வேண்டும். சேவ் மோடில் நீங்கள் போட்ட எந்தச் செயலியும் ஓடாது, போனோடு வந்தவை மட்டும் ஓடும். அரை மணி நேரம் அப்படியே விட்டு, கேமரா அளவையும் `Settings` அளவையும் எடுங்கள். கோல் வரும், போகும். வட்ஸ்அப் மட்டும் இருக்காது. சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் திரும்பி வரும்.

சேவ் மோடில் போன் பறந்தால், குற்றவாளி நீங்கள் போட்ட செயலிகளில் ஒன்று. அதைப் பிடிக்க முதலில் பற்றரிப் பக்கத்தைப் பாருங்கள். `Settings` இல் `Battery` க்குள் செயலி வாரியாகப் பட்டியல் இருக்கும். ஒரு செயலியைத் தொட்டால் திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும். யூடியூப் திரையில் மூன்று மணி நேரம் ஓடியிருந்தால் அது உங்கள் கணக்கு. ஒரு டோர்ச் செயலியோ, கீபோட் தீமோ, படம் வெட்டும் செயலியோ பின்னணியில் ஐந்து மணி நேரம் ஓடியிருந்தால் அது அதன் கணக்கு.

பற்றரிப் பட்டியலில் தெரியாமல் ஒளிந்திருப்பவையும் உண்டு. `Settings` இன் தேடல் பெட்டியில் `Accessibility` என்று தட்டி, அங்கே எந்தெந்த வெளிச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த அனுமதி உள்ள செயலிக்குத் திரையில் நடக்கும் மாற்றங்கள் தொடர்ந்து அறிவிக்கப்படும். மோசமாக எழுதிய செயலி என்றால் நீங்கள் ஒவ்வொரு முறை ஸ்க்ரோல் செய்யும்போதும் இழுபடும். கோல் ரெக்கோடர்களும் கிளீனர்களும் இதை விரும்பிக் கேட்கும். `Display over other apps` என்ற பட்டியலையும் அதே மாதிரித் திறந்து, தெரியாத பெயர்களின் அனுமதியை எடுங்கள். பிளே ஸ்டோரில் இல்லாமல், யாரோ அனுப்பிய ஏபிகேயாகப் போட்டவை, மாற்றம் செய்த வட்ஸ்அப் பதிப்பு உட்பட, சந்தேகப் பட்டியலில் முதலாவதாக நிற்க வேண்டும்.

சந்தேகமானவற்றை ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, ஒரு நாள் பாருங்கள், பிறகு அடுத்தது. எது குற்றவாளி என்று தெரிந்தால்தான் அடுத்த மாதம் அதையே மறுபடி போடாமல் இருப்பீர்கள். வேண்டும், ஆனால் எந்நேரமும் ஓடத் தேவையில்லை என்ற செயலிகளுக்கு அதன் `App info` இல் `Battery` ஐத் தொட்டு `Restricted` என்று வையுங்கள். சாம்சுங்கில் `Deep sleeping apps` என்ற பட்டியலில் சேர்த்தால் நீங்கள் திறக்கும்போது மட்டும் ஓடும். வட்ஸ்அப், அலாரம், பாவிக்கும் பேங்க் செயலி இவற்றைச் சேர்க்க வேண்டாம். செய்தி நேரத்துக்கு வராது, பிறகு அது புதுப் பிரச்சினை.

யூடியூபில் சொல்லித்தரும் இரண்டு வித்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெவலப்பர் ஒப்ஷனில் அனிமேஷன் அளவை `0.5x` ஆக்குவது கண்ணுக்கு வேகமாகத் தெரியும். கேமரா ஒரு செக்கன்கூட முந்தித் திறக்காது. செய்வதென்றால் எல்லா அளவும் எடுத்த பிறகு செய்யுங்கள், இல்லாவிட்டால் அளவு கெட்டுவிடும். `Background process limit` ஐக் குறைப்பது செயலிகளை அடிக்கடி கொல்லும் வேலை, கிளீனரின் மறுவடிவம். ரீஸ்டார்ட் செய்தால் அது பழைய நிலைக்கே போய்விடும், நல்லகாலம்.

சேவ் மோடிலும் இழுபடுகிறது, பத்து ஜீபிக்கு மேல் மிச்சமும் இருக்கிறது என்றால் கடைசியாக வெக்கையைப் பாருங்கள். சிப் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். மே, ஜூன் மாதத்து மத்தியானத்தில் மோட்டார் சைக்கிள் ஹோல்டரில் வெயிலில் போன போனும், தடித்த கவரோடு சார்ஜில் கிடந்தபடி வீடியோ ஓடும் போனும் இழுபடுவது அதனால்தான். கவரைக் கழற்றி, சார்ஜைக் கழற்றி, விடிய ஆறு மணிக்கு அதே அளவை எடுங்கள். விடிய ஓடி மத்தியானம் இழுபட்டால் கடைக்காரர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இழுபாடு ஒரு சிஸ்டம் அப்டேட்டுக்கு மறுநாள் தொடங்கியிருந்தாலும் இரண்டு மூன்று இரவு சார்ஜில் விட்டுப் பாருங்கள். அப்டேட்டின் பின் போன் எல்லாச் செயலிகளையும் மறுபடி ஒழுங்குபடுத்தும்.

விடியவும் இழுபடுகிறது என்றால்தான் பெக்டரி ரீசெட். கடையில் "சொப்ட்வெயார் அடிப்பது" என்பது கம்பியூட்டரில் பூட்டி சிஸ்டத்தையே மறுபடி எழுதுவது. உங்கள் மாதிரி எழும்பி ஓடும் போனுக்கு அது தேவையில்லை. ரீசெட் உங்கள் பக்கத்து டேட்டாவைத் துடைத்துவிடும், இழுபாட்டுக்குக் காரணமான குப்பை இருப்பதும் அங்கேதான். பிழையான மொடல் பைலை அடித்தால் போன் எழும்பாமலே போகலாம். ரீசெட்டுக்கு முன் வட்ஸ்அப் பக்கப்பை எடுத்து, போனில் உள்ள கூகுள் கணக்கின் பெயரும் பாஸ்வேட்டும் நிச்சயமாகத் தெரியுமா என்று இன்னொரு போனில் லொகின் செய்து பாருங்கள். போன் லொக் மறந்து, பட்டன்களைப் பிடித்து ரீசெட் செய்தால் அந்தப் பழைய கணக்கைக் கேட்கும், தெரியாவிட்டால் உள்ளே விடாது.

ரீசெட் முடிந்ததும் பழைய செயலிகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கச் சம்மதிக்காதீர்கள். ஒன்றும் போடாமல், ஒரு இரவு சார்ஜில் விட்டு, கேமரா அளவை எடுங்கள். வெறும் போனிலேயே ஐந்தாறு செக்கன் எடுத்தால் அது ஸ்டோரேஜ் சிப்பின் பழுது அல்லது தேய்வு. அதைச் சொப்ட்வெயார் அடித்துத் திருத்த முடியாது. இங்கே போன் வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம், உங்களுக்கும் ஒரு வருடம் ஆகப் போகிறது என்கிறீர்கள். முதலில் பில்லைத் தேடி எடுத்துத் திகதியைப் பாருங்கள். நாள் மிச்சம் இருந்தால் இந்த வரிசை முழுவதையும் அதற்குள் முடித்துவிட்டு, வாங்கிய கடைக்கே கொண்டுபோங்கள், நீங்கள் எழுதி வைத்த செக்கன் கணக்கோடு.